கைரேகை வருகைப் பதிவுக் கருவி: கடை ஊழியர்கள் அனைவருக்கும்

வரும் திங்கட்கிழமை முதல் கையெழுத்து நோட்டுக்குப் பதிலாகக் கைரேகைக் கருவியில் வருகை பதிவாகும். பின்வாசல் உள்ளே, ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். முன்வாசலில் வெயில் நேராக விழும். இந்தக் கருவி ஒளியை வைத்து ரேகையைப் படிப்பது. கண்ணாடி மேல் வெயில் பட்டால் தடுமாறும். அதனால்தான் அந்த இடம்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் காலை 9 முதல் 9.30 வரை ரேகை பதிவு நடக்கும். ஒருவருக்கு மூன்று நிமிடம் போதும். ஒவ்வொருவரும் இரண்டு விரல் பதிய வேண்டும்: வலது ஆள்காட்டி விரல், இடது ஆள்காட்டி விரல். ஒன்றில் வெட்டுக்காயம் பட்டாலோ பிளாஸ்திரி போட்டாலோ மற்றது கைகொடுக்கும். ஒவ்வொரு விரலையும் மூன்று முறை வைத்து எடுக்கச் சொல்லும். மூன்று முறையும் ஒரே மாதிரி, நிதானமாக வையுங்கள். இங்கே அவசரப்பட்டால் பிறகு தினமும் கருவியோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.

விரல் வைக்கும் முறை முக்கியம். நுனியை மட்டும் வைக்காதீர்கள். ரேகை சுழியாக இருக்கும் நடுப்பகுதி கண்ணாடியின் மையத்தில் படியும்படி விரலைத் தட்டையாக வையுங்கள். லேசாக அழுத்தினால் போதும். ஓங்கி அழுத்தினால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்ப் படிக்காது. "Thank You" என்ற குரல் வந்து, திரையில் உங்கள் எண் தெரிந்தால் பதிவாகிவிட்டது. வேறு எண் தெரிந்தால் அப்போதே மேனேஜரிடம் சொல்லுங்கள். "Please try again" என்றால் விரலை முழுவதும் எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள்.

பெரும்பாலும் படிக்காமல் போவது ஈரத்தாலோ வறட்சியாலோதான். கை கழுவிவிட்டு வந்தால் நன்றாகத் துடைத்துவிட்டு வையுங்கள். தோல் வறண்டிருந்தால் விரலை உள்ளங்கையில் நாலு முறை தேய்த்துவிட்டு வைத்தால் எடுத்துக்கொள்ளும். குடோனில் அட்டைப்பெட்டி தூக்குகிறவர்களுக்கும், தரை கழுவித் துடைக்கும் அக்காமார்களுக்கும் ரேகை தேய்ந்திருக்கலாம். அது உங்கள் தவறு இல்லை, உழைப்பின் அடையாளம். உங்களுக்கு வேறு விரல்களையும் பதிந்து பார்ப்போம். எதுவும் சரிவராவிட்டால் ரகசிய எண் கொடுத்துவிடுவோம்.

தினமும் இரண்டு பதிவு: வரும்போது ஒன்று, வீட்டுக்குப் புறப்படும்போது ஒன்று. வருகிறீர்களா போகிறீர்களா என்பது கருவிக்குத் தெரியாது. விரல் வைத்த நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளும். நாளின் முதல் பதிவை வருகையாகவும் கடைசிப் பதிவைப் புறப்பாடாகவும் கணக்கில் எடுக்கிறோம். ஆகவே இரவில் வைக்க மறந்தால் அன்று ஒரே பதிவுதான் இருக்கும். நீங்கள் எத்தனை மணிக்குப் போனீர்கள் என்பது கணக்கில் வராது. மறந்துவிட்டால் மறுநாளே மேனேஜரிடம் சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள், மாதக் கடைசி வரை வைத்திருக்க வேண்டாம். பதிவானதா என்ற சந்தேகத்தில் இரண்டாவது முறை வைத்தால் பாதகமில்லை.

கடை நேரம் அதேதான், காலை 9.30. 9.40 வரை தாமதமாகக் கொள்ளப்படாது. காலையில் எல்லோரும் ஒரே சமயத்தில் வந்து வரிசை நின்றால், பின்னால் நிற்பவருக்குத் தாமதக் கணக்கு விழக்கூடாது என்பதற்காகவே இந்தப் பத்து நிமிடம். இரவு 8.30க்கு மேல் சரக்கு இறக்கவோ ஸ்டாக் எடுக்கவோ நின்றால் அந்த நேரமும் பதிவாகும், ஓவர்டைமாகச் சம்பளத்தில் சேரும். இதுவரை அது வாய்வார்த்தையாகவே இருந்தது. யாருக்கும் ஒரு மணி நேரம்கூட விட்டுப்போகக்கூடாது என்பதுதான் இந்தக் கருவியை வாங்கியதற்கு முதல் காரணம்.

கரண்ட் போனால் உள்ளிருக்கும் பேட்டரியில் சில மணி நேரம் ஓடும். பேட்டரியும் தீர்ந்துவிட்டால் ஏற்கெனவே பதிந்தவை அழியாது. அந்த நேரத்துக்குப் பழைய நோட்டு பில் கவுண்டரின் கீழ் இழுப்பறையில் இருக்கும். நேரத்தை எழுதி மேனேஜரிடம் கையெழுத்து வாங்குங்கள். கருவி கோளாறால் யார் சம்பளத்திலும் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கமாட்டோம்.

ரேகையை வேறு எதற்காவது எடுத்துவிடுவார்களோ என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. கருவி உங்கள் ரேகையைப் படமாக வைத்துக்கொள்வதில்லை. கோடுகள் எங்கே முடிகின்றன, எங்கே பிரிகின்றன என்பதைக் கணக்கிட்டு எண்களாகச் சேமிக்கிறது. அது ஆதாருடனோ வங்கியுடனோ இணைக்கப்படவில்லை. கருவியின் மெனுவைத் திறக்க என்னாலும் மேனேஜராலும் மட்டுமே முடியும். வேலையை விட்டுப் போகிறவரின் ரேகையை அவர் கண்முன்னாலேயே அழித்துவிடுவோம்.

கண்ணாடியில் அழுக்குப் படிந்தால் மென்மையான உலர்ந்த துணியால் துடையுங்கள். தண்ணீர், கண்ணாடி துடைக்கும் திரவம், சானிடைசர் எதுவும் அதன் மேல் நேராகத் தெளிக்கக்கூடாது. சானிடைசர் போட்ட கையோடும் உடனே விரல் வைக்காதீர்கள், காயட்டும்.

முதல் இரண்டு வாரம் நோட்டிலும் கையெழுத்து போடுங்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, யாருக்கு எங்கே விட்டுப்போகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகே நோட்டை நிறுத்துவோம். விரல் திரும்பத் திரும்பப் படிக்காதவர்கள் சங்கடப்பட்டுச் சும்மா இருந்துவிடாமல் அன்றைக்கே என்னிடம் வாருங்கள்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்