ஒரு மா வயலில் சூரியனும் பூமியும்
(3 நிமிடக் குறும்படம். இடம்: திருவையாறு பக்கம், சம்பா அறுவடை முடிந்த வயல். நேரம்: காலை 7 மணி.)

(உள்ளங்கை மட்டும் தெரிகிறது. நடுவில் ஒரு கடுகு.)

இதுதான் பூமி. எங்கள் அப்பாயியின் அஞ்சறைப் பெட்டியில் இருந்து எடுத்த கடுகு, குறுக்களவு 2 மில்லிமீட்டர். காவிரி, கல்லணை, இமயமலை, ஐந்து பெருங்கடல், நீங்கள், நான், எல்லாம் இதற்குள்.

சரி, பூமி கடுகு என்றால் சூரியன் எவ்வளவு பெரிது?

(கேமரா திரும்புகிறது. அப்பாயி இரண்டு கையாலும் பறங்கிக்காயைத் தூக்கிக் காட்டுகிறார்.)

இவ்வளவு! பொங்கலுக்கு வாங்கியதில் மிச்சமிருந்த பறங்கிக்காய். குறுக்களவு 22 சென்டிமீட்டர். சூரியனின் குறுக்கே 109 பூமியை வரிசையாக வைக்கலாம். பருமனில் பார்த்தால் ஒரு சூரியன் 13 லட்சம் பூமிக்குச் சமம்.

இத்தோடு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். பாடப்புத்தகப் படத்தில் சூரியனும் பூமியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். சின்ன வயதில் நான் அதை அப்படியே நம்பினேன். இந்தக் கடுகைப் பறங்கிக்காயிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும்? ஒரு முழம்? இரண்டு முழம்?

(வரப்பில் நடக்கிறேன். திரையில் தப்படி எண்ணிக்கை ஓடுகிறது: 1… 10… 20… 31.)

31 தப்படி. டேப் வைத்து அளந்தோம், இருபத்துமூன்றரை மீட்டர். இரண்டுக்கும் நடுவே புதனும் வெள்ளியும் உண்டு. புதன் ஒரு ரவை, வெள்ளி இன்னொரு கடுகு. மற்றதெல்லாம் வெட்டவெளி.

(அப்பாயி தூரத்தில் இருந்து: "ஏம்ப்பா, இம்புட்டுத் தூரத்துல நின்னுக்கிட்டா சித்திரையில அந்தக் காய்ச்சு காய்ச்சுது?")

ஆமாம் அப்பாயி, அங்கிருந்துதான்! சூரியனின் மேற்பரப்பு ஏறக்குறைய 5,500 டிகிரி செல்சியஸ். நம் நாற்று பச்சை பிடிப்பதும் களத்தில் நெல் காய்வதும் அந்த வெளிச்சத்தில்தான். அது நம்மை வந்து சேர 8 நிமிடம் 20 விநாடி ஆகிறது. இந்த வயல் கணக்கில் பார்த்தால், பிரபஞ்சத்திலேயே வேகமான ஒளி, இந்த வரப்பில் விநாடிக்கு 5 சென்டிமீட்டர்கூடப் போகாது. எறும்பு ஊர்கிற மாதிரிதான்.

(கேமரா தரையில். கடுகுக்குப் பக்கத்தில் விரல்களை வைத்துக் காட்டுகிறேன்.)

நிலா எங்கே? அது ஒரு ரவைத் துணுக்கு. கடுகிலிருந்து மூன்று விரற்கடை, 6 சென்டிமீட்டர். 1969இல் மனிதன் போய் இறங்கியதும், 2023இல் சந்திரயான்-3 இறங்கியதும் இந்த மூன்று விரற்கடைத் தூரத்தில்தான். சூரியனைப் பார்த்துக்கொண்டே இருக்கும் நம் ஆதித்யா எல்-1 இருப்பது கடுகிலிருந்து சரியாக ஒரு சாண்! மிச்சத் தூரம் முழுக்க அப்படியே கிடக்கிறது. இந்த ஒரு சாணை அளந்து வைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு சாணுக்கே 15 லட்சம் கிலோமீட்டர்.

வியாழன் ஒரு நெல்லிக்காய், இந்த வயலில் இடமில்லை, 120 மீட்டர் தாண்டி வைக்க வேண்டும். கடைசிக் கோளான நெப்டியூன் ஒரு கொண்டைக்கடலை, 700 மீட்டர், அடுத்த தெருவே வந்துவிடும்.

அப்புறம், சூரியனுக்கு அடுத்து நமக்குப் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரம், பிராக்சிமா சென்டாரி. அது ஒரு சின்ன எலுமிச்சம்பழம். இந்தக் கணக்கில் அதை 6,300 கிலோமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். பறங்கிக்காய் திருவையாற்றில், எலுமிச்சம்பழம் கிட்டத்தட்ட ஜப்பானில்!

(கடுகு இருக்கும் இடத்தில் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக் கையை முழுதாக நீட்டுகிறேன். சுண்டுவிரல் நுனி பறங்கிக்காயை மறைக்கிறது.)

இப்போது இதைப் பாருங்கள். கடுகு இருக்கும் இடத்தில் இருந்து பார்த்தால் அவ்வளவு பெரிய பறங்கிக்காய் என் சுண்டுவிரல் நுனிக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. வானத்தில் சூரியன் நமக்குத் தெரிவதும் இதே அளவில்தான். ஆனால் நிஜச் சூரியனை வைத்து இதைச் செய்து பார்க்காதீர்கள், கண் போய்விடும்.

அதற்குப் பதில் நிலா இருக்கிறது. நிலாவும் நம் கண்ணுக்கு அதே அளவுதான். இன்று ராத்திரி மொட்டைமாடிக்குப் போங்கள், கையை நன்றாக நீட்டிச் சுண்டுவிரலால் மறைத்துப் பாருங்கள். மறைந்ததா இல்லையா என்று கீழே எழுதுங்கள்.

(அப்பாயி: "கை வலிக்குது, சூரியனை எறக்கி வச்சுடவா?")

வையுங்க அப்பாயி, இதோ வந்துட்டேன்.