ஜமால் அண்ணனுக்கு, தொண்டிக்குக் கிளம்பும் முன்

அன்புள்ள ஜமால் அண்ணே,

நாளை மறுநாள் வண்டியில் சாமான் ஏற்றுகிறீர்கள் என்று அண்ணி சொன்னார்கள். உங்களை வழியனுப்பும் கூட்டத்தில் ஆளாளுக்கு இரண்டு வார்த்தை பேசி, சால்வை போர்த்தி, டீ குடித்துக் கலைந்துவிட்டோம். சொல்ல வேண்டியது அதற்குள் அடங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஆபீஸில் எல்லாருக்காகவும்தான் இது. கடல்பாசி வளர்க்கும் அக்காமார் சொல்லச் சொன்னதும் இதில் இருக்கிறது.

முதலில் அவர்கள் சொன்னது. நீங்கள் எடை போடும்போது தராசின் எண் தெரியும் பக்கத்தைப் பாசி கொண்டுவந்தவர் பக்கமாகத் திருப்பி வைப்பீர்கள். நீங்கள் எட்டிப் பார்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கும். அவர் வாயால் எண்ணைச் சொன்ன பிறகுதான் நோட்டில் எழுதுவீர்கள். எழுத்துத் தெரியாத அக்காவாக இருந்தால், எண்ணைச் சத்தமாகச் சொல்லி, பக்கத்தில் நிற்கும் இன்னொருவரைப் பார்த்துச் சொல்லச் சொல்வீர்கள். பத்துக் கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஒரு கிலோ நிற்கும். அந்த ஒரு கிலோவில் நூறு கிராம் கண் மறைவாகப் போனாலும் ஒரு நாள் உழைப்பில் ஒரு பங்கு போன மாதிரி. இது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். "தராசை எங்க பக்கம் திருப்பி வச்ச தம்பி" என்றுதான் உங்களைச் சொல்கிறார்கள். இனி எடை போடப் போவது நான். தராசு அந்தப் பக்கமேதான் இருக்கும், அண்ணே.

தண்ணீர் சூடேறிப் பாசி நுனியெல்லாம் வெளுத்து அழுகிய வருஷத்தையும் மறக்க முடியாது. பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி மூங்கில் மிதவை, அதில் வரிசையாகக் கயிறு, கயிறு நெடுக முடிச்சு முடிச்சாக விதைப்பாசி. நாற்பத்தைந்து நாள் காத்திருந்து, தூக்கிப் பார்த்தால் வெறும் கயிறு. ஆபீஸில் உட்கார்ந்து நஷ்டக் கணக்கு எழுதினால் போதும் என்றுதான் மேலே இருந்து சொன்னார்கள். நீங்கள் மிதவை போட்டிருந்த வீடு ஒவ்வொன்றுக்கும் நடந்தீர்கள். கையில் கொடுக்க ஒன்றும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து, எந்தப் பக்கத்து மிதவை தப்பியது, எந்த ஆழத்தில் போட்டது தப்பியது என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தீர்கள். அடுத்த முறை அதை வைத்துத்தான் இடம் மாற்றினோம். அந்த நோட்டு இப்போது என் மேஜையில் இருக்கிறது. அதை எனக்கே விட்டுவிட்டுப் போவதற்குத் தனியாக ஒரு நன்றி.

சரி, இப்போது வீட்டு விஷயம்.

சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் மண்டபத்தில் பஸ் ஏறி, ராமநாதபுரத்தில் மாறி, தேவிபட்டினம், திருப்பாலைக்குடி தாண்டித் தொண்டி போய்ச் சேருவீர்கள். ஞாயிறு ராத்திரி திரும்பிவிடுவீர்கள். திங்கட்கிழமை காலையில் உங்கள் முகத்தைப் பார்த்தாலே அத்தாவுக்கு அந்த வாரம் எப்படி இருந்தது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். அத்தாவுக்கு இடது கை, கால் விழுந்த பிறகு, அவரைத் தூக்கி உட்கார வைக்கக்கூட அம்மாவால் முடியாது. அம்மாவுக்கே கண்ணில் புரை. பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு எத்தனை நாள் ஓட்டுவது? தம்பிகள் இரண்டு பேரும் வளைகுடாவில். பணம் அனுப்புகிறார்கள், சரி. ராத்திரி இரண்டு மணிக்குப் புரட்டிப் படுக்க வைக்கப் பணத்தால் முடியுமா?

"நல்லா ஓடுற வேலையை ஒரு ஆம்பளை விடுவானா, ஒரு ஆளைச் சம்பளத்துக்குப் போட்டா ஆச்சு" என்று உங்கள் காதுபடவே சிலர் பேசினார்கள். எனக்கு அதைக் கேட்டுக் கோபம் வந்தது, இன்னும் இருக்கிறது. இதே முடிவை நான் எடுத்திருந்தால் ஒருவரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். எங்கள் பாட்டி படுக்கையில் கிடந்தபோது பாம்பனில் அம்மா மீன் ஏலத்துக்குப் போவதை நிறுத்திவிட்டு வீட்டோடு இருந்தார். அதை யாரும் வேலையை விட்டதாகக்கூடச் சொல்லவில்லை. படுத்த உடம்பைப் புண் வராமல் பார்ப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போது பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அந்தக் கை இருக்கிறது. அவசரப்படாத கை. அதனால் அத்தாவைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

கவலை உங்களைப் பற்றித்தான். அதனால் தங்கச்சி என்ற உரிமையில் சில விஷயம் சொல்கிறேன்.

அத்தாவின் பெயரை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பக்கத்து சுகாதார நிலையத்தில் போய்ப் பதிந்துவிடுங்கள். பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும். கை காலுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கு வருவதற்கு அதிலேயே வழி இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். நீங்களாகக் கேட்பதற்குக் கூச்சப்படுவீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அம்மாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். அத்தா சரியாகட்டும், அப்புறம் பார்ப்போம் என்று அம்மா சொல்வார்கள். கேட்காதீர்கள். அம்மாவுக்குப் பார்வை தெளிந்தால் உங்களுக்கு வீட்டில் இன்னொரு ஆள் கிடைத்த மாதிரி.

தம்பிகளிடம் பணம் மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள், அண்ணே. லீவில் வரும்போது பத்து நாளாவது அத்தாவை அவர்கள் பொறுப்பில் விட்டுவிட்டு நீங்களும் அண்ணியும் பிள்ளைகளோடு எங்காவது போய்வாருங்கள். தினமும் அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்குத் திரும்பும் முன் கடற்கரையில் அரை மணி நேரம் உட்காருங்கள். இதை அண்ணியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், கேட்பார்கள்.

எங்களுக்கு நீங்கள் இல்லாதது வாடைக்காற்று காலத்தில்தான் நன்றாகத் தெரியும். எந்த மிதவையை எப்போது கரையேற்றுவது என்று அப்போது நூறு கேள்வி வரும். அப்போது கண்டிப்பாகப் போன் பண்ணுவேன். அத்தாவுக்குச் சோறூட்டும் நேரமாக இருந்தால் எடுக்க வேண்டாம், அப்புறம் கூப்பிடுங்கள். நீங்களும் வேலை கேட்க வேண்டும் என்று தோன்றும் நாளில் தயங்காமல் கூப்பிடுங்கள். வீட்டில் இருந்தே கணக்குப் பார்க்கிற வேலை இங்கே உண்டு. சார் கூட்டத்தில் இதையே சொன்னதைச் சபை நாகரிகத்துக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் தனியாகவும் கேட்டேன், மனதாரத்தான் சொன்னார்.

சின்னப்பாலத்து அக்காமார் ஒரு பை நெத்திலிக் கருவாடு கொடுத்துவிட்டிருக்கிறார்கள், அம்மாவுக்குப் பிடிக்கும் என்று. அவர்கள் அம்மாவைப் பார்த்ததே இல்லை, நீங்கள் பேசிப் பேசித்தான் தெரியும். பை ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது. சாமான் ஏற்றும்போது மறந்துவிடாதீர்கள். வண்டிக்காரரிடம் சொல்லித் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், துணிமணியோடு வேண்டாம்.

ஏப்ரல் 15-க்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். எங்கள் வீட்டுக்காரர் படகு கரையில்தான் நிற்கும். அந்த 61 நாளுக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் தொண்டிக்கு வருகிறோம். அன்றைக்கு மதியம் அத்தாவை அவர் பார்த்துக்கொள்வார். அவருக்கு ஆள் தூக்கிப் பழக்கம் உண்டு. சமையலை அண்ணி தனியாக இழுத்துப்போட்டுக்கொள்ள வேண்டாம், நானும் கூடச் செய்கிறேன். தேதியை முந்தின வாரம் சொல்லிவிடுகிறேன்.

அத்தாவுக்கும் அம்மாவுக்கும் எங்கள் எல்லாருடைய சலாமையும் சொல்லுங்கள்.

அன்புத் தங்கச்சி,
சகாயமேரி
மண்டபம்