பட்டச் சான்றிதழின் மொழிபெயர்ப்பை ஏற்கக் கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்:
கு. இளங்கோவன்,
மஞ்சக்குப்பம், கடலூர்.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகம்,
சென்னை.

நாள்: 9.7.2025

பொருள்: பகுதிநேர முனைவர் பட்டச் சேர்க்கை – சோவியத் காலச் சான்றிதழின் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பை ஏற்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

என் சேர்க்கை விண்ணப்பம், "பட்டச் சான்றிதழில் முத்திரை தெளிவாக இல்லை, வழங்கிய நிறுவனத்திடம் மறுமுத்திரை பெற்று, அப்போஸ்டிலுடன் அனுப்பவும்" என்ற குறிப்போடு திரும்பி வந்தது. குறிப்பு நியாயமானதுதான். ஆனால் அந்த முத்திரையை இன்று வைத்துக்கொடுக்க யாரும் இல்லை.

நான் 1989-ல், அன்று சோவியத் ஒன்றியத்தில் இருந்த உக்ரைனின் டொனெட்ஸ்க் நகரத்துப் பாலிடெக்னிக்கில் சுரங்கப் பொறியியல் முடித்தேன். நீல அட்டை போட்ட சிறு சான்றிதழ் அது. 2015 நவம்பர் வெள்ளத்தில் நனைந்து, வட்ட முத்திரை ஊதாக் கறையாகிவிட்டது. எழுத்துகள், எண், கையொப்பங்கள் எல்லாம் படிக்கும்படியே இருக்கின்றன.

அந்த முத்திரையில் இருந்தது சோவியத் அரசின் சின்னம். அந்த நாடு 1991-ல் இல்லாமல் போனது. உக்ரைன் அரசு இன்று ஒரு முத்திரை வைத்தால் அது திரிசூலச் சின்னம் கொண்டதாக இருக்கும். 1989-ன் சான்றிதழில் அதைப் பார்த்தால் உங்கள் அலுவலகத்துக்கே இன்னும் சந்தேகம் வரும். அப்புறம், 2014-ல் போர் தொடங்கியபோது அந்தக் கல்வி நிறுவனம் நகரத்தைவிட்டு வெளியேறியது. பழைய கட்டடங்களில் ரஷ்யத் தரப்பின் கீழ் அதே பெயரில் வேறொரு நிர்வாகம் நடக்கிறது. அது தரும் சான்றிதழ்களை உக்ரைன் ஏற்பதில்லை.

அப்போஸ்டில் அந்தக் காலத்தில் இந்தியாவுக்கே கிடையாது. அதற்கான சர்வதேச உடன்படிக்கை இங்கே நடைமுறைக்கு வந்தது 2005-ல்தான். அதற்குப் பதிலாக நாங்கள் ஊர் திரும்பும் முன் தூதரகச் சான்று வாங்கிக்கொண்டோம்.

அதனால்தான் 1989-ன் ஆங்கில மொழிபெயர்ப்பை ஏற்கும்படி கேட்கிறேன். டொனெட்ஸ்க் அரசு நோட்டரி அலுவலகம் சான்றளித்து, சான்றிதழின் நகலோடு நூலால் தைத்து, முடிச்சின் மேல் முத்திரையிட்டது. நகலில் பழைய முத்திரை முழு வட்டமாகத் தெரிகிறது. முத்திரையைச் சுற்றியுள்ள வாசகத்தையும் மொழிபெயர்ப்பாளர் அதே இடத்தில் எழுதியிருக்கிறார். கடைசிப் பக்கத்தில் மாஸ்கோ இந்தியத் தூதரகத்தின் சான்று உள்ளது. நெய்வேலியில் 1990-ல் பணியில் சேர்ந்தபோது இதே கட்டைத்தான் சரிபார்த்தார்கள். அந்தப் பணிப்பதிவேட்டுப் பக்கத்தின் நகலையும் இணைத்துள்ளேன்.

ஒரு சிறு விளக்கம்: மதிப்பெண் பட்டியலில் உள்ள 4, 5 பத்துக்கான மதிப்பெண்கள் அல்ல. அங்கே 5-தான் உச்சம், 3 தேர்ச்சி.

நூலைப் பிரித்தால் சான்று செல்லாது என்பதால் மூலக் கட்டைத் தபாலில் அனுப்பவில்லை. சரிபார்ப்பு நாளில் நீல அட்டைச் சான்றிதழையும் தைத்த கட்டையும் நேரில் கொண்டுவருகிறேன். முத்திரை அழிந்த விவரத்தை நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரமாகவும் தருகிறேன். சேர்க்கை முடியும் ஜூலை 31-க்குள் முடிவு தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கு. இளங்கோவன்

இணைப்பு: சான்றிதழ், மொழிபெயர்ப்பு, தூதரகச் சான்று, பணிப்பதிவேட்டுப் பக்கம் ஆகியவற்றின் நகல்கள்.