புது வண்டிக்கு வாழ்த்துகள், செல்வி!

அன்புள்ள செல்வி,

சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு நிற்கும் உன் ஸ்கூட்டரின் படத்தைப் பார்த்தேன். உன்னைவிட அம்மாவின் முகத்தில்தான் பெரிய சிரிப்பு! சொந்தச் சம்பளத்தில் வாங்கிய முதல் வண்டி அல்லவா? மனம் நிறைந்த வாழ்த்துகள். இனி பாபநாசத்திலிருந்து கும்பகோணம் போக, பிதுங்கும் பஸ்ஸுக்காக நீ காத்து நிற்க வேண்டாம்.

சம்பா அறுவடை தொடங்கிவிட்டது. பாதிச் சாலையில் நெல்லைக் காயப் போட்டிருப்பார்கள். மணிமேல் சக்கரம் ஏறினால் வழுக்கும். அங்கே போய்ப் பிரேக் பிடிக்காதே, முன்பே வேகத்தைக் குறைத்துவிடு. வைக்கோல் ஏற்றிய டிராக்டரின் பின்விளக்கு பல நேரம் தெரியாது, இருட்டில் ஒட்டிப் போகாதே. அந்தி நேரத்தில் வாய்க்கால் கரையோரம் பூச்சி கண்ணில் அடிக்கும். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொள். பின்னால் உட்காரும் அம்மாவுக்கும் ஒரு ஹெல்மெட் கட்டாயம் வாங்கு, கொண்டை கலைந்தாலும் பரவாயில்லை.

நீ போகும் வழியெல்லாம் நல்வழியாக அமையட்டும், தினமும் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும். தியாகராஜர் ஆராதனைக்கு வருகிறேன். திருவையாற்றுக்கு உன் வண்டியில்தான் போகிறோம்!

அன்புடன்,
மீனா