பதினேழில் மிஞ்சியது ஐந்து

அன்புப் பிள்ளைகளே,

போன வாரம் நம் குரூப்பில் முருகேசன், "டீச்சர், நாங்க போட்டுக் கொடுத்த ஆப் எல்லாம் யூஸ் பண்றீங்களா?" என்று கேட்டான். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். அது பொய். "ஸ்டெப் காட்டாத விடைக்கு மார்க் கிடையாது" என்று 34 வருஷம் உங்களை வாட்டியவள், நானே வெறும் விடையை எழுதிவிட்டுத் தப்பித்தால் நன்றாகவா இருக்கும்? இதோ, ஸ்டெப்போடு எழுதுகிறேன்.

பழைய மாணவர் சந்திப்பில் நீங்கள் எல்லாரும் சேர்ந்து அந்தப் போனைக் கையில் கொடுத்தபோது, முதல் திரையில் 17 ஆப் அடுக்கி வைத்திருந்தீர்கள். இப்போது ஒரு வருஷம் ஆகிறது. அந்தத் திரையில் மிஞ்சியிருப்பது ஐந்து. மற்ற 12 எங்கே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒன்று தினமும் ராத்திரி என் மனநிலையை எமோஜியில் காட்டச் சொன்னது. ஒன்று நான் தொடர்ந்து எத்தனை நாள் நடந்தேன் என்று எண்ணிக்கொண்டே வந்து, காய்ச்சலில் படுத்த ஒரு நாளுக்காக மொத்தத்தையும் பூஜ்யம் ஆக்கியது. செலவுக் கணக்கு ஆப், என் எஸ்எம்எஸ் எல்லாவற்றையும் படிக்க அனுமதி கேட்டது. கணக்கு டீச்சருக்குக் கணக்கு எழுத இன்னொருத்தர் எதற்கு? அழித்துவிட்டேன்.

ஆனால் ஐந்தை விட முடியவில்லை. அதற்குக் காரணம் பள்ளிக்கூட மணி. பள்ளிக்கூடத்தில் இருந்தவரை என் நாளை நான் ஒழுங்கு பண்ணியதே இல்லை, மணி பண்ணியது. ஓய்வு பெற்ற முதல் மூன்று மாசம் மணி இல்லாதது சொர்க்கமாக இருந்தது. அப்புறம் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் வித்தியாசம் தெரியாமல் போக ஆரம்பித்தது. வியாழக்கிழமை பல் டாக்டரைப் பார்க்க வேண்டியவள், வெள்ளிக்கிழமை போய் நின்றேன். ரிசப்ஷனில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து, "நேத்தும்மா" என்றாள். ஒரே வார்த்தை. கிளாஸுக்கு லேட்டாக வந்து வாசலில் நிற்கும்போது உங்களுக்கெல்லாம் எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதல் ஆப் எல்லார் போனிலும் இருக்கிற அலாரம்தான். ஒரு நாளைக்கு நான்கு அலாரம் வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. பெயர் வைக்க இடம் இருக்கிறது என்பதே எனக்கு ரொம்ப நாள் தெரியாது. வெறுமனே அடித்தால் எதற்கு அடிக்கிறது என்று யோசிப்பதற்குள் கை அணைத்துவிடும். முதலில் "துணி" என்று பெயர் வைத்தேன். அடித்தது, பார்த்தேன், "ஆமாம், துணி" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். "எழுந்து போய் துணியை எடு" என்று மாற்றினேன். இப்போது எழுந்திருக்கிறேன். வினைச்சொல் இல்லாத வாக்கியம் யாரையும் எழுப்பாது போலிருக்கிறது. தமிழாசிரியையிடம் சொன்னால் சந்தோஷப்படுவார்.

இரண்டாவது, செல்வி போட்டுக் கொடுத்த மாத்திரை ஆப். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உங்களில் பல பேர் அப்பா அம்மாவுக்கு அலாரம் மட்டும் வைத்துக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு நாள் காலையில் பிரஷர் மாத்திரைக்கு அலாரம் அடித்தது. அணைத்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு போன் வந்தது. பேசி முடித்துத் திரும்பினால், மாத்திரை போட்டேனா இல்லையா? தண்ணீர் டம்ளர் காலியாக இருக்கிறது. அது எதற்கும் சாட்சி இல்லை. அட்டையை எடுத்து எண்ணினேன். பத்தில் ஆறு மிச்சம். சரி, நான்கு போட்டிருக்கிறேன். ஆனால் இந்த அட்டையை ஞாயிற்றுக்கிழமை பிரித்தேனா, திங்கட்கிழமை பிரித்தேனா? ஒரே சமன்பாடு, தெரியாத எண் இரண்டு. தீர்வு காண முடியாது என்று உங்களுக்கே தெரியும். இன்னொன்று போட்டுவிடலாமா என்று கை போனது. போடவில்லை, டாக்டருக்குப் போன் பண்ணிக் கேட்டேன்.

அலாரத்துக்கு நேரம் மட்டும்தான் தெரியும். காரியம் நடந்ததா என்று தெரியாது. மாத்திரை ஆப்புக்கு அது தெரியும். போட்டாச்சு என்று நான் டிக் பண்ணுகிறவரை விடாமல் கேட்கும், டிக் பண்ணினால் எத்தனை மணிக்கு என்று குறித்து வைக்கும். இன்னும் எத்தனை மாத்திரை கையில் இருக்கிறது என்று கழித்துக்கொண்டே வந்து, தீரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லும். நான் எனக்கே போட்டுக்கொண்ட விதி ஒன்று: விழுங்கிய பிறகுதான் டிக். முதலில் டிக் பண்ணிவிட்டு அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்பது, மார்க்கைப் போட்டுவிட்டுப் பேப்பரைத் திருத்துகிற வேலை.

இதிலும் ஒரு வாரம் ஏமாந்தேன். ஆப் சத்தமே போடவில்லை. ஆப் மேல் தப்பில்லை. போன், பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று அதைத் தூங்க வைத்துவிட்டது. என் பையன் வந்து செட்டிங்ஸில் அந்த ஆப்பைத் திறந்து, பேட்டரி என்ற இடத்தில் Unrestricted என்று மாற்றினான். அதற்கப்புறம் ஒரு வேளை தவறவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் போனில் இன்றைக்கே இதைப் பார்த்துவிடுங்கள். இது வீட்டுப்பாடம்.

மூன்றாவது காலண்டர். அதில் எதையாவது போட்டால் தானாக அரை மணி முன்னால் நினைவூட்டும்படி இருந்தது. பத்து மணிக்குக் கண் டாக்டரிடம் இருக்க வேண்டும். கிளம்பிப் போகவே முக்கால் மணி ஆகும். ஒன்பதரைக்குச் சொன்னால் அது நினைவூட்டலா, குத்திக்காட்டலா? இப்போது எல்லாவற்றுக்கும் இரண்டு வைக்கிறேன். முதல் நாள் சாயங்காலம் ஒன்று: பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பையில் வைக்க. கிளம்ப வேண்டிய நேரத்தில் ஒன்று. டாக்டர் பார்க்கும் நேரத்தில் நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை, அங்கே உட்கார்ந்திருப்பேன். நான் காரியம் செய்யும் நேரத்துக்குத்தான் மணி அடிக்க வேண்டும்.

கணக்குப் பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன். மாசக் கடைசியில் கட்ட வேண்டிய பில்லுக்கு, ஒவ்வொரு மாசமும் 31-ஆம் தேதி என்று போட்டு வைத்தேன். மார்ச்சில் வந்தது. ஏப்ரலில் வரவில்லை. ஏப்ரலுக்கு 31 கிடையாது, காலண்டர் அந்த மாசத்தையே தாண்டிவிட்டது! வருஷத்தில் 31 உள்ள மாசம் ஏழு. மீதி ஐந்து மாசமும் நான் அபராதம் கட்டவேண்டியதுதான். 28 என்று மாற்றிவிட்டேன், பிப்ரவரிக்கும் பயமில்லை. கேட்டதை அப்படியே செய்கிறது, நான் என்ன நினைத்தேன் என்று பார்ப்பதில்லை. உங்களில் சில பேர் பரீட்சையில் இப்படித்தான் விடை எழுதுவீர்கள்.

நான்காவது கூகுள் கீப். சின்னச் சின்ன சீட்டாக எழுதி வைக்கும் இடம். ஓரத்தில் ஒட்டிய மஞ்சள் சீட்டு மாதிரி. என்னிடம் சீட்டு நிறைய இல்லை. மேலே பின் பண்ணி வைத்திருப்பது ஒன்றே ஒன்று: "டாக்டரிடம் கேட்க வேண்டியது". தோன்றும்போதெல்லாம் ஒரு வரி சேர்ப்பேன். அவர் முன்னால் உட்கார்ந்ததும் திறந்து ஒவ்வொன்றாகக் கேட்டு டிக் பண்ணுவேன். டிக் பண்ணியது கீழே போய்விடும், கேட்காதது மேலேயே நிற்கும். வெளியே வந்த பிறகு "அடடா, அதைக் கேட்கலையே" என்பது நின்றுவிட்டது. டாக்டருக்கும் பிடித்திருக்கிறது, "அடுத்த கேள்வி என்ன டீச்சர்?" என்கிறார். பாஸ்வேர்டு, வங்கி விஷயம் எதையும் அதில் எழுதுவதில்லை.

விரல் வலிக்கிறது என்று தமிழில் பேசியே எழுதுகிறேன். முக்கால்வாசி சரியாகவே வருகிறது. ஒரு நாள் "பணி ஓய்வுப் படிவம்" என்றேன், "பனி ஓய்வு" என்று எழுதியது. ஏதோ நான் இமயமலையில் போய்ப் படுத்துக்கொண்ட மாதிரி. என் உச்சரிப்பு தப்பா, அதன் காது தப்பா என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது தடவை வந்தது. வகுப்பிலும் மூன்று தடவைதான்.

ஐந்தாவது வாட்ஸ்அப். உண்மையைச் சொன்னால் என் நாளைக் கலைக்கிறதில் அதற்குத்தான் முதல் பரிசு, ஆனால் அதை எடுத்துவிட்டால் நீங்கள் யாரும் இருக்க மாட்டீர்கள். குரூப் எல்லாவற்றையும் சத்தமில்லாமல் பண்ணி ஆர்க்கைவில் தள்ளிவிட்டேன். ஆமாம், நம்முடையதையும்தான். சாயங்காலம் ஐந்து மணிக்கு நானே போய்த் திறந்து பார்ப்பேன். அதனால் காலை ஏழு மணிக்கு அனுப்பும் பூங்கொத்துக்கு ராத்திரி வரை பதில் இல்லையே என்று பயந்து போன் பண்ணாதீர்கள். எனக்கு நானே செய்தி அனுப்பிக்கொள்ளும் வசதியும் அதில் இருக்கிறது. வழியில் பார்க்கும் போர்டு, பஸ் நேரம் என்று போட்டோ எடுத்து அங்கே போட்டு வைப்பேன்.

காலையில் இந்த ஐந்தையும் பார்த்து, அன்றைக்குள்ளதை ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதிக்கொள்கிறேன். நாலு வரிதான். சிரிப்பீர்கள். காகிதத்துக்கு சார்ஜ் தீராது, அதைத் திறந்தால் வேறு எதுவும் கண்ணில் படாது.

இனி உங்களுக்கு வேலை. பிறந்தநாள், கல்யாணம், புதுமனை என்று அழைப்பிதழைப் படமாக அனுப்புகிறீர்கள். பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் தேதியைப் பார்த்து நான்தான் காலண்டரில் ஏற்ற வேண்டியிருக்கிறது. காலண்டர் அழைப்பாகவே அனுப்பினால் ஒரு தட்டில் ஏறிவிடும். புது ஆப் எதுவும் தயவுசெய்து வேண்டாம்.

செல்வி, உனக்குத் தனியாக ஒன்று. ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுக்கு நீ அனுப்பிய அழைப்பு உன் ஊர் நேரத்தில் இருக்கிறது. அங்கே குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியதும் இங்கே எனக்கு ஒரு மணி நேரம் நகர்ந்துவிட்டது. போன ஞாயிறு நான் எட்டு மணிக்கே போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நீ ஒன்பதுக்கு வந்தாய். பழைய அழைப்பை எடுத்துவிட்டு, என் ஊர் நேரத்தை வைத்துப் புதிதாக ஒன்று அனுப்பு. எட்டு மணிதான் எனக்கு வசதி.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்
சரோஜா