உறைமோர்

பர்மாவில், சிரியத்துக்குத் தெற்கே உள்ள அந்தத் தமிழ்க் குடியிருப்பில் சண்முகத்தைப் பெயர் சொல்லி அழைப்பவர்கள் குறைந்து போயிருந்தார்கள். ஜொகூரில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் 11 ஆண்டுகள் உழைத்துவிட்டு, 2014-ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வாரம் ஊர் திரும்பியவனை எல்லோரும் 'மலேசியாக்காரர்' என்றார்கள். அந்தச் சொல்லில் பாதி மரியாதையும், பாதி 'எத்தனை நாளைக்கு இந்தப் பணம் தாங்கும் பார்ப்போம்' என்ற வேடிக்கையும் இருந்தன.

மாடு வாங்கப் போகிறேன் என்று அவன் சொன்னபோது அவனுடைய தாயார் மட்டும் மகிழ்ந்தாள். 1964-இல் கடைகளெல்லாம் நாட்டுடைமையாகி, ரங்கூன் துறைமுகத்தில் சனங்கள் மூட்டை முடிச்சோடு மதராசுக்குக் கப்பலேறிய காலத்தில், சண்முகத்தின் தாத்தா இரண்டு எருமைகளையும் ஒரு பசுவையும் காட்டி, "இதுகளை யாரிடம் விட்டுப் போவது?" என்று கேட்டு இங்கேயே தங்கிவிட்டவர். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவனுக்கு மாட்டுத்தொழில் இரத்தத்தில் இருப்பதாக ஒரு நம்பிக்கை. இரத்தத்தில் இருந்ததோ என்னவோ, கையில் இல்லை.

சனவரியில் மூன்று கலப்பினப் பசுக்களை, ஒன்று 14 லட்சம் சாட் வீதம், ஒரு தரகர் மூலமாக வாங்கினான். தாய்மாமன் ரத்தினத்தை உடன் அழைத்துப் போகவில்லை. போயிருந்தால், முதலில் ஒன்று வாங்கிப் பார்க்கலாமே என்று அவர் சொல்லியிருப்பார், அதைக் கேட்க அவனுக்கு விருப்பமில்லை. தரகர் காட்டிய காலையில் மூன்று மாடுகளின் மடியும் பானைபோல் பருத்து, காம்புகளிலிருந்து பால் தானாகச் சொட்டிக்கொண்டிருந்தது. நாளொன்றுக்கு 9 வீசை என்றார் தரகர். முந்தைய மாலை கறக்காமல் விட்டால் எந்த மாட்டின் மடியும் மறுநாள் அப்படித்தான் இருக்கும் என்பது அந்தக் குடியிருப்பில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வீட்டுக்கு வந்த மாடுகள் தலைக்கு 6 வீசையில் நின்றன. வீசையை லிட்டராக மாற்றிப் பார்த்தால் பத்துக்குக் கொஞ்சம் குறைவு, மோசமில்லை. ஆனால் அவன் கணக்குப் புத்தகம் 9 வீசையை நம்பி எழுதப்பட்டிருந்தது.

கொட்டகையையும் தொழிற்சாலையைப் போலவே அமைத்திருந்தான். வழவழப்பாகப் பூசிய சிமெண்டுத் தரை, தகரக் கூரை, சுவரில் மாட்டிய ஒரு பலகை. பலகையில் எந்த நேரத்துக்குத் தீவனம், எந்த நேரத்துக்குக் கறவை என்று எழுதியிருந்தது. தரை வழுக்கி, இரண்டாம் வாரமே ஒரு பசு பின்னங்கால் விரிந்து விழுந்தது. பிறகு உளி கொண்டு தரையைக் கொத்திச் சொரசொரப்பாக்கினான். மாசியில் வெயில் ஏறியதும் தகரத்தின் கீழ் மாடுகள் நாக்கை நீட்டி மூச்சு வாங்கின. வைக்கோலை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டன. கூரைமேல் தென்னங்கீற்று வேய்ந்தான். பச்சைப்புல் கிடைக்காத மாதங்கள் அவை என்பதால், கடலைப்பிண்ணாக்குக்கும் உளுந்துத் தொலிக்கும் ஆன செலவு, பால்காசு வரும் முன்பே கையை விட்டுப் போனது. இவையெல்லாம் பணத்தால் சரிசெய்யக்கூடியவை, அவனும் சரிசெய்தான்.

பணத்தால் சரியாகாத ஒன்று பங்குனியில் வந்தது. விடியற்காலை 3 மணிக்குக் கறந்து, பாலத்தைக் கடந்து, மோட்டார் சைக்கிளில் ரங்கூனில் ஒரு தேநீர்க்கடைக்குப் பால் கொடுத்து வந்தான். கடைக்காரர் ஊ தெய்ன் என்னும் பர்மியர். டின் பாலைக் கலந்து தேநீர் ஆற்றுகிற கடைதான் என்றாலும், ஏடு படிந்த பசும்பால் கேட்டு வருகிறவர்களுக்கென்று தனியாக ஓர் அடுப்பு வைத்திருந்தார். ஒருநாள் அந்த அடுப்பில் பால் கொதிக்கத் தொடங்கிய கணத்தில் திரிந்து, வெள்ளைத் துணுக்குகள் பச்சைநிறத் தண்ணீரில் மிதந்தன. ஊ தெய்ன் கோபப்படவில்லை. மீதிப் பால் இருந்த கேனை எடுத்து வந்து மோட்டார் சைக்கிளின் கொக்கியில் தம் கையாலேயே மாட்டிவிட்டு, நாளைக்கு வேண்டாம் என்று பர்மிய மொழியில் சொல்லி உள்ளே போய்விட்டார்.

அன்று மாலை ரத்தினம் மாமா வந்தார். வீட்டுக்குள் நுழையாமல் நேரே கொட்டகைக்குப் போய், முதல் பசுவின் அருகே குந்தினார். தம் காலிலிருந்த கறுப்பு ரப்பர்ச் செருப்பைக் கழற்றிக் காம்புக்குக் கீழே பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காம்பிலும் இரண்டு பீச்சு பீச்சினார். மூன்று காம்புகளின் பால் செருப்பின் மேல் வழுக்கி ஓடிற்று. நான்காவதில் வந்தது ஓடவில்லை. கறுப்பின் மேல் அரிசி நொய்யைப்போல் சின்னஞ்சிறு கட்டிகள் ஒட்டிக்கொண்டு நின்றன. வெள்ளை வாளிக்குள் இத்தனை நாளும் அவன் காணாமல் விட்டது அதுதான்.

"மடியை எதால துடைக்கிறே, மாப்ளே?"

சண்முகம் ஆணியில் தொங்கிய துண்டைக் காட்டினான். ஒரே துண்டு, மூன்று மாடுகளுக்கும் அதுதான்.

"கறந்து காட்டு."

கட்டைவிரலை உள்ளே மடித்து, அதன் கணு காம்பில் பதியும்படி அவன் இழுத்ததைப் பார்த்துவிட்டு மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "விரலை மடக்காதே. காம்புக்குள்ளே புண்ணாகும். நோயை நீயே ஊட்டிவிட்டு, துண்டால அடுத்ததுக்கும் கொண்டு போயிருக்கே."

மறுநாள் வந்த மாட்டு மருத்துவர் இரண்டு பசுக்களுக்கு மடிநோய் என்றார். காம்பின் துவாரத்தின் வழியாகக் குழாய் மருந்தைக் காலையும் மாலையும் மூன்று நாட்களுக்கு ஏற்றச் சொன்னார். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, கடைசி மருந்து ஏற்றிய பிறகு முழுதாக 4 நாட்கள் அந்தப் பாலைக் கீழே கொட்ட வேண்டும், கன்றுக்கும் கொடுக்கக் கூடாது, மனிதருக்கும் கொடுக்கக் கூடாது என்று இருமுறை சொன்னார். சண்முகத்தின் மனைவி மீனாட்சி கொட்டகைத் தூணில் சுண்ணாம்பால் நாட்கோடு போட்டு வந்தாள்.

அந்த நாட்களில்தான் செல்லம்மா அத்தை வந்து பால் கேட்டாள். முருகன் கோயில் பங்குனி உத்திரத்துக்குத் தயிர்சாதமும் நீர்மோரும் அவள் பொறுப்பு. 30 ஆண்டுகளாக அவள் பொறுப்பு. நோயில்லாத பசு 6 வீசைதான் கறந்தது. அவளுக்கு 12 வீசை வேண்டும். முன்பணத்தை முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பிண்ணாக்குக் கடைக்காரரின் ஆள் வாசலில் நின்றிருந்த நேரம் அது; பணம் ஒரு கையில் வாங்கி மறுகையில் போயிற்று.

சண்முகம் பொய் சொன்னான் என்று சொல்லிவிட முடியாது. நான்கு நாட்கள் என்று மருத்துவர் சொன்னதை அவன் மறக்கவுமில்லை. முதல் மருந்து ஏற்றிய நாளிலிருந்து எண்ணத் தொடங்கினான், அவ்வளவுதான். தூணில் இருந்த கோடுகளை மீனாட்சி இன்னொரு முறை எண்ணச் சொன்னபோது, தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் அவனிடம் பேசிய அதே தொனியில், "எல்லாம் பார்த்தாச்சு" என்றான். கடைசி மருந்து ஏறி ஒரே நாள் ஆகியிருந்தது. முன்னெச்சரிக்கையாக ஒரு கரண்டிப் பாலைக் காய்ச்சியும் பார்த்தான். திரியவில்லை. கறுப்புச் செருப்பிலும் பீச்சிப் பார்த்தான்; கட்டி இல்லை. மருந்து கண்ணுக்குத் தெரிகிற பொருளல்லவே.

உத்திரத்தன்று விடிவதற்கு முன் கோயில் மடப்பள்ளிக்கு விறகு கொண்டு போனவன், செல்லம்மா அத்தை முதல் அண்டாவின் மூடியைத் திறப்பதைக் கண்டான். அவள் அகப்பையை விட்டாள். தயிரில் விட்டால் அகப்பை ஒரு கணம் தயங்கிப் பிறகு வெட்டிக்கொண்டு இறங்கும். இது தண்ணீரில் இறங்குவதுபோல் இறங்கிற்று. தூக்கினாள். பால் பாலாகவே ஒழுகியது. இரண்டாவது அண்டாவும் அப்படியே. சூடு போதவில்லையோ என்று அண்டாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சுற்றி நின்ற பெண்களிடம், யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்:

"என் வீட்டு உறைமோர்தான். இத்தனை வருசம் ஏமாத்தினதில்லை. கை ராசி போயிடுச்சு போல. வயசாச்சில்ல."

யாரோ தேங்காய்ச் சாதம் கிளறிக்கொள்ளலாம் என்றார்கள். நீர்மோருக்குப் பதில் பானகம் கரைத்தார்கள். காவடி வந்தது, சனம் சாப்பிட்டது, பெரிய குறையென்று யாரும் பேசவில்லை. செல்லம்மா அத்தை மட்டும் பந்தியில் பரிமாற வரவில்லை. மடப்பள்ளிப் படியில் உட்கார்ந்து, தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஆண்டு வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று கோயில் காரியக்காரரிடம் அவள் சொன்னது சண்முகத்தின் காதில் விழுந்தது.

பாலில் மருந்து இருந்தால் பிரை பிடிக்காது என்று ரத்தினம் மாமா அன்று மத்தியானம் அவனிடம் சொன்னார். குற்றம் சாட்டும் குரலில் அல்ல, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, தெரிந்திருக்க வேண்டிய ஒன்றைச் சொல்வதுபோல. தூணில் இருந்த கோடுகளை அவர் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

இரவு விளக்கு வைத்த பிறகு சண்முகம் செல்லம்மா அத்தை வீட்டுக்குப் போனான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு வாசலில் மறந்து போனது.

"அத்தை, உங்க உறைமோர்ல தப்பில்லை. பால்ல மருந்து இருந்துச்சு. எனக்குத் தெரியும்."

அவள் நெடுநேரம் பேசவில்லை. உள்ளே அடுப்பில் ஏதோ கொதித்து வழிந்தது. அதையும் அவள் கவனிக்கவில்லை.

"கோயில்ல கைப்பிள்ளைக்காரிங்க இருந்தாங்க, சண்முகம். உறைஞ்சிருந்தா அதுங்க வாய்க்கும் போயிருக்கும்" என்றாள் கடைசியில். "காலையில என் கை ராசி போச்சுன்னு நான் சொன்னப்ப, நீ விறகோட நின்னுக்கிட்டுத்தானே இருந்தே?"

"ஆமாம்."

"கொட்ட வேண்டியதைக் கொட்டிட்டு வா. உன் கணக்குல நாலு நாள் இல்லை, டாக்டர் கணக்குல. பிறகு ரெண்டு மாட்டுப் பாலையும் தனித்தனியாக் கொண்டா."

மீதி நாட்களில் இரண்டு பசுக்களையும் கடைசியாகக் கறந்து, கொல்லைப்புறக் குழியில் கொட்டி மண் தள்ளினான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மாட்டுக்கொரு துணியாக மூன்று துணிகளைக் கொதிநீரில் அலசி, மூன்று ஆணிகளில் காயவைத்தான். விரலை மடக்காமல் கறக்க இன்னும் நேரமானது. மீனாட்சி தூணில் பழைய கோடுகளை ஈரத்துணியால் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினாள். இம்முறை அவன் எண்ணவில்லை, அவளிடம் கேட்டான்.

நாள் முடிந்த மாலை, இரண்டு தூக்குகளில் பால் கொண்டுபோய்க் கொடுத்தான். மறுநாள் காலை போனபோது செல்லம்மா அத்தை இரண்டு சட்டிகளையும் திண்ணையில் வைத்து, மேலே தட்டு மூடியிருந்தாள். முதல் சட்டியைச் சாய்த்தாள். தயிர் சட்டியோடு சேர்ந்து சாய்ந்தது, விளிம்பை விட்டு வரவில்லை. இரண்டாவதும் நின்றது. விரலால் ஓரத்தில் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துத் தலையசைத்தாள்.

பிறகு உள்ளே போய்ப் பால்கணக்குச் சீட்டை எடுத்து வந்தாள். உத்திரத்துக்குக் கொடுத்த 12 வீசை முன்பணம் அதில் எழுதியிருந்தது.

"இன்னைக்கு 3 வீசை எடுத்துக்கறேன்" என்றாள். "காசு தரமாட்டேன். இன்னும் 9 வீசை பாக்கி."

சண்முகம் கேனைத் திறந்து அளக்கத் தொடங்கினான்.