மண்டபப் பேப்பரில் கையெழுத்துப் போடும் முன்

சித்தப்பா, சித்தி, தண்டையார்பேட்டை மண்டபத்துப் பேப்பரை முழுசாகப் படித்தேன்.

அட்வான்ஸ் 60,000 ரூபாய் வாடகையில் கழியும். சரிதான், ரசீது மட்டும் வாங்கிவிடுங்கள்.

ரத்து விதிதான் எனக்குப் பிடிக்கவில்லை. 90 நாளுக்கு முன் சொன்னால் பாதி அட்வான்ஸ் திரும்பும், அப்புறம் சொன்னால் ஒரு பைசா வராது. தேதியைத் தள்ளிவைத்தாலும் ரத்துக் கணக்குதானாம்! மாப்பிள்ளையின் பாட்டி ஆஸ்பத்திரியில் இருக்கும் நேரத்தில் இதை ஒப்புக்கொள்ளவே கூடாது. ஒருமுறை தேதி மாற்றலாம், அதே நாளுக்கு வேறு பார்ட்டி கிடைத்தால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

சமையல்காரர் ரிசப்ஷனுக்குக் குறைந்தது 600 இலை, இலைக்கு 350 ரூபாய் என்று போட்டிருக்கிறார். 480 பேர் வந்தாலும் 600-க்குத்தான் பணம். 42,000 ரூபாய் வீண். சித்தி, சொந்தக்காரர் லிஸ்ட்டைப் பார்த்து 500 என்றே சொல்லுங்கள். மேலே 50 இலை வரை அதே விலை என்று கேளுங்கள். கடைசி எண்ணிக்கையை ஏழு நாள் முன்பு சொன்னால் போதும். அன்றைக்குப் பந்திக்குப் பந்தி இலையை எண்ண நம் ஆள் ஒருவர் நிற்கட்டும்.

திருத்தி எழுதித் தரும்வரை பணம் கொடுக்காதீர்கள். ஞாயிறு காலை நானும் கூட வருகிறேன்.